மூடுபனியில் மறையும் மஞ்சள் எழுத்து: ஒரு பூண்டு வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில்கள்

கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில் பூண்டு போடும் தம்பி ஒருவர் யூடியூப் சேனல் நடத்துகிறார். மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிட்டு, அடுப்புப் புகை படவைத்துப் பாதுகாக்கும் முறையைப் பற்றி அவர் ஒரு வீடியோ எடுத்திருந்தார். வருஷம் ஆனாலும் கெடாது என்பது ஊர்க்காரர்கள் சொல்வது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கீழே மதுரை, திண்டுக்கல் பக்கம் அதைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஆக, பார்க்க ஆள் உண்டு. ஆனால் பட்டியலில் பத்து வீடியோவுக்கு நடுவே இது ஒரு சின்னக் கட்டமாக வந்து நிற்கும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியவில்லை.

எழுத்தை எப்படி வைப்பது என்பதற்கு எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. படத்தின் மேலேயே அவுட்லைன் போட்ட எழுத்து. ஒரே நிறப் பட்டை ஒன்றை வைத்து அதன்மேல் எழுத்து. எழுத்துக்கென்று இருட்டான இடம் விட்டு எடுத்த படம். இதில் எது என்பதைக் கணினித் திரையில் முழு அளவில் பார்த்து முடிவுசெய்யவே கூடாது. முழு அளவில் மூன்றுமே நன்றாகத்தான் இருக்கும்.

தம்ப்நெயிலை நாம் செய்வது 1280-க்கு 720 பிக்சலில். கணினியில் ஒரு வீடியோ ஓடும்போது பக்கவாட்டில் அடுக்கி வருகிற பரிந்துரைகளில் அதன் அகலம் சுமார் 168 பிக்சல்தான். அதாவது ஏழரை மடங்குக்குக் கொஞ்சம் மேல் சுருங்குகிறது. போனில் பிக்சல் அதிகம், ஆனால் சின்னப் பட்டியலில் அந்தக் கட்டமே இரண்டரை சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சுருங்கிய பிறகு ஒரு புள்ளியோ ஓட்டையோ இடைவெளியோ கண்ணில் பட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பிக்சலாவது மிஞ்ச வேண்டும். அப்படியானால் நாம் வரையும் படத்தில் அது 15 பிக்சலுக்குக் குறையக் கூடாது. மூன்று வழிகளையும் நான் அளந்தது இந்த ஒரு கோலால்தான்.

தம்பி முதலில் அனுப்பியது அவுட்லைன் போட்டது. பின்னால் பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், மேல் பாதியில் மூடுபனி, ஓரத்தில் பூண்டுக் கட்டைப் பிடித்த கை. அதன்மேல் மஞ்சளில் ‘மலைப்பூண்டு சேமிப்பது எப்படி?’ என்று இரண்டு வரி. மஞ்சளைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. “அண்ணே, மஞ்சள்தானே எல்லாரும் போடுறாங்க, பளிச்சுனு தெரியும்ல?” என்றார். சமவெளியில் தெரியும். மலையில் தெரியாது, அதற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு நிறங்களுக்கு நடுவே உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகச் சொல்வார்கள். ஒன்று என்றால் வேறுபாடே இல்லை. 21 என்றால் வெள்ளையும் கறுப்பும். இணையப் பக்கங்களுக்கான WCAG நெறிமுறை, பெரிய எழுத்துக்குக் குறைந்தது 3, சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும் என்கிறது. தம்பி எடுத்த மஞ்சளின் நிறக் குறியீடு #FFD600. அந்தப் படத்தில் மூடுபனி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் #D5DADC, வெளிறிய சாம்பல். இரண்டுக்கும் விகிதம் கணக்குப் போட்டால் ஒன்று வருகிறது. நிறம் வேறுதான், வெளிச்சம் அச்சு அசலாக ஒன்று. முழு அளவில் நம் கண் நிறத்தை வைத்து எழுத்தைப் பிரித்துவிடுகிறது. சுருங்கும்போது அந்த உதவி போய்விடுகிறது. ஏனென்றால் யூடியூப் நம் படத்தை அப்படியே காட்டுவதில்லை, மறுபடி அழுத்திச் சின்னதாக்கித்தான் அனுப்புகிறது; அப்படி அழுத்தும் முறைகள் பொதுவாக வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும்தான் வைத்திருக்கும். நிற வேறுபாட்டை மட்டும் நம்பிய எழுத்து அங்கே ஓரம் கலங்கி நிற்கும்.

பச்சை வயலின்மேல் சிவப்பு எழுத்துக்கும் இதே கதிதான். தேயிலை, காரட் தோட்டப் படங்களில் வரும் #3F7D2C மாதிரியான பச்சையின்மேல் சுத்தச் சிவப்பை வைத்தால் விகிதம் 1.26. நீலகிரியில் தேயிலைச் சரிவைக் காட்டி ‘எச்சரிக்கை’ என்று சிவப்பில் போடுகிற வீடியோக்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். சின்னதாக்கினால் எச்சரிக்கை செடிக்குள் போய்விடும். அதே பச்சையின்மேல் வெள்ளை வைத்தால் 5 வருகிறது.

அப்போ அவுட்லைன் காப்பாற்றாதா என்றால், எவ்வளவு தடிமன் என்பதைப் பொறுத்தது. தம்பி போட்டிருந்தது 6 பிக்சல். சுருங்கினால் அது ஒரு பிக்சலுக்கும் கீழே போய், பக்கத்து மஞ்சளோடும் பனியோடும் கலந்து மங்கிய சாம்பல் கோடாகிவிடும். உள்ளே மஞ்சள், வெளியே பனி, இரண்டும் ஒரே வெளிச்சம். நடுவில் ஒரு மங்கல் கம்பி. கண் எழுத்தைத் திரண்ட உருவமாகப் பார்க்காமல் வளைந்த கம்பியாகப் பார்க்கும். தடிமனை 18, 20 என்று ஏற்றினால் இது சரியாகும். ஆனால் அப்போது எழுத்துக்கு இருபுறமும் அந்த 20 பிக்சல் இடம் பிடிக்கும். ‘மலைப்பூண்டு’ என்ற ஆறெழுத்துச் சொல்லில் எழுத்துகளைத் தள்ளித்தள்ளி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றின் ஓரக்கோடு அடுத்ததன்மேல் ஏறும். கீழ் வரியில் மேலே நிற்கும் புள்ளியும், மேல் வரியில் கீழே தொங்கும் ‘டு’வின் வாலும் ஒன்றையொன்று முட்டும். எல்லாம் ஒன்றுகூடி எழுத்துகளைச் சுற்றி ஓரம் பிய்ந்த கறுப்புத் திட்டு ஒன்று உருவாகிவிடும். திட்டுதான் வேண்டுமென்றால் அதை நேர்கோடாகவே போட்டுவிடலாமே.

போனில் செய்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில செயலிகளில் அவுட்லைன் எழுத்தின் விளிம்புக்கு வெளியே மட்டும் போகாது. பாதி உள்ளேயும் இறங்கும். 20 என்று வைத்தால் எழுத்தின் சொந்தச் சதையில் இரு பக்கமும் பத்துப் பத்து போய்விடும். எழுத்து தடித்ததா மெலிந்ததா என்று அவுட்லைனை அணைத்துப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். கறுப்புக்கு வெளியே வெள்ளை என்று இரட்டை அவுட்லைன் போடுவது இன்னும் மோசம். ‘ண’வின் சுழிக்குள் அந்த வெள்ளை போய் உட்கார்ந்து, மஞ்சளோடு சேர்ந்து ஓட்டையை அடைத்துவிடும்.

இரண்டாவது வழி பட்டை. படத்தின் இடப்பக்கம் பாதியை ஒரே நிறத்தால் மூடி, அதன்மேல் எழுத்து. பின்னால் பனியா வெயிலா என்ற கேள்வியே இல்லை. கறுப்புப் பட்டையில் அதே மஞ்சளுக்கு விகிதம் 15-ஐத் தொடுகிறது. அவுட்லைனும் தேவையில்லை, நிழலும் தேவையில்லை. எழுத்துக்கு நடுவே உள்ள ஓட்டைகளில் சுத்தமான பட்டை நிறம் மட்டும்தான் இருக்கும்.

கறுப்பு மட்டும் வேண்டாம் என்றேன். நிறையப் பேர் யூடியூபை இருட்டு நிறத்தில்தான் வைத்திருக்கிறார்கள். ஓரத்தைத் தொடும் கறுப்புப் பட்டை அந்தப் பின்னணியோடு கலந்து, தம்ப்நெயில் பாதியில் வெட்டிப்போட்ட மாதிரி தெரியும். அரக்குச் சிவப்பு, #5A0F14 மாதிரி ஒன்றைப் போட்டால் மஞ்சளுக்கு விகிதம் 10-ஐ ஒட்டி நிற்கிறது, கட்டத்தின் விளிம்பும் தெரிகிறது. பட்டையைப் பாதி ஒளிபுகவிட்டு வைக்கிற பழக்கமும் உண்டு. பார்க்க நயமாக இருக்கும். ஆனால் பின்னாலிருக்கும் வயல் வரிகள் கசிந்து வந்து எழுத்தின் ஓரத்தைக் கெடுக்கும். வைப்பதென்றால் முழுதாக வைக்கலாம்.

பட்டையின் குறை, படத்தில் பாதியை விழுங்குவதுதான். பூம்பாறை வயலைக் காட்டத்தான் அந்தப் படமே எடுத்தது என்றால் வருத்தமாகத்தான் இருக்கும். செய்தி சேனல் வாடையும் அடிக்கும். வலது கீழ் மூலையைத் தொடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வீடியோவின் நேரம் வந்து உட்காரும். படம் சுருங்குகிற அளவுக்கு அந்த நேரக் கட்டம் சுருங்குவதில்லை, ஆகவே சின்ன அளவில் அது மூலையில் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். பாதி பார்த்த வீடியோ என்றால் அடியில் சிவப்புக் கோடும் ஓடும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது, ஆனால் அது வடிவமைப்பு மேஜையில் நடப்பதல்ல, படம் எடுக்கும் இடத்தில் நடப்பது. பூண்டு தொங்குகிற பரண் வருஷக்கணக்காகப் புகை ஏறிக் கரிந்து கிடக்கிறது. அதைவிட நல்ல பின்னணி எந்தச் செயலியிலும் கிடைக்காது. சன்னல் பக்கத்து வெளிச்சம் பூண்டுக் கட்டின்மேல் மட்டும் விழும்படி நின்று, கட்டை வலது ஓரத்தில் வைத்து, இடது பக்கம் கரிப் பரணை வெறுமனே விட்டு ஒரு படம் எடுத்தால் போதும். எழுத்துக்கு இடம் தயார். பட்டை போட்ட மாதிரியும் இருக்காது, படத்தில் எதுவும் மறையவும் செய்யாது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. போன் கேமரா இருட்டைக் கண்டால் தானாக வெளிச்சத்தை ஏற்றிவிடும். அப்போது கரி நிறம் சாம்பலாகி, விறகு, ஓலை, கயிறு எல்லாம் பின்னால் தெரியத் தொடங்கும். திரையில் பூண்டின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்ச அளவைக் கீழே இழுத்துவிட்டு எடுக்க வேண்டும். எழுத்து வரப்போகும் இடத்தில் கண்ணுக்குப் படும்படி எதுவும் இருக்கக் கூடாது. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டி எடுத்து இதைச் செய்ய முடியாது. வீடியோவில் நாம் ஆளை நடுவில் வைத்துத்தான் எடுத்திருப்போம். தனியாக ஒரு ஸ்டில் எடுக்க ஞாபகம் வேண்டும், அவ்வளவுதான்.

இனி எழுத்து. மேலே சொன்ன எந்த வழியில் போனாலும், சொல்லைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் பயனில்லை. ‘மலைப்பூண்டு சேமிப்பது எப்படி?’ என்பது வீடியோவின் தலைப்பிலேயே கீழே வரப்போகிறது. பூண்டு படத்திலேயே இருக்கிறது. இரண்டும் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் அந்த இடம். தம்பியோடு பேசிப்பேசிக் கடைசியில் ‘கெடாது’ என்ற ஒற்றைச் சொல்லில் வந்து நின்றோம். “ஒரு சொல்லா? பாக்குறவங்களுக்கு எப்படிண்ணே புரியும்?” என்று இழுத்தார். பூண்டுப் படத்துக்குப் பக்கத்தில் ‘கெடாது’ என்று இருந்தால் எது கெடாது என்று யாரும் கேட்கப்போவதில்லை.

அர்த்தத்துக்காக மட்டும் அதை எடுக்கவில்லை. எழுத்துகளைப் பாருங்கள். ‘மலைப்பூண்டு’வில் புள்ளி இரண்டு, மூன்று சுழி ‘ண்’, சுருண்ட ‘பூ’, வால் வைத்த ‘டு’. சின்ன அளவில் முதலில் சாவது புள்ளி, அடுத்தது சுழி. ‘கெடாது’வில் புள்ளியே இல்லை, அடைபடக்கூடிய சுழியும் குறைவு, ட, ா இரண்டும் கோடும் திறந்த வெளியுமாக நிற்பவை. கீழே இறங்குவது கடைசி ‘து’ மட்டும், அதற்குக் கீழேயோ இன்னொரு வரி கிடையாது. எழுத்தின் உயரத்தை 150-லிருந்து 200 பிக்சலுக்கு ஏற்றவும் இடம் கிடைத்தது. சுருங்கினாலும் 26 பிக்சல் மிஞ்சும். ‘1 வருஷம்’ என்பதையும் சேர்க்கலாமா என்று யோசித்தோம். எண் எப்போதும் நன்றாகத் தெரியும், ஆனால் அதைச் சேர்த்தால் இரண்டும் சின்னதாகும். விட்டுவிட்டோம்.

ஃபான்ட் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: எவ்வளவு தடியோ அவ்வளவு தெளிவு என்று. ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். தமிழில் எழுத்து தடிக்கத் தடிக்க உள்ளே இருக்கும் வெளி குறைகிறது. ஃபான்ட்டின் தடிமனைச் சொல்லும் எண்ணான எடை 900-க்குப் போனால் ‘ண’வின் சுழிகள் ஊசித்துளை மாதிரி ஆகிவிடும், புள்ளியும் எழுத்தின் தலையோடு ஒட்டப் பார்க்கும். நான் பெரும்பாலும் 700-இல் நின்றுவிடுவேன், போனால் 800. Mukta Malar, Baloo Thambi 2, Anek Tamil மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைப்பவை. Anek Tamil-இல் அகலத்தையும் மாற்ற முடியும் என்பதால் நீளமான சொல்லைத் தவிர்க்கவே முடியாதபோது குறுகலான வடிவம் கைகொடுக்கும். அப்போதும் சுழி ஒடுங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த ஃபான்ட் ஆனாலும் ‘மண்ணெண்ணெய்’ என்று அடித்து, படத்தை 13 சதவீதத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். ணகரங்களின் சுழியும் மூன்று புள்ளிகளும் பிழைத்தால் அந்த ஃபான்ட் எதையும் தாங்கும்.

ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் செய்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் வரும்: ‘கெ’ என்று அடித்தால் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஃபான்ட் கெட்டுப்போகவில்லை. அமைப்புகளில் Type பகுதியில் World-Ready Layout என்பதைத் தேர்ந்தெடுத்துப் புதிதாக ஒரு ஃபைல் திறந்து அதில் அடித்தால் சரியாகிவிடும்.

மூன்று வடிவங்களையும் செய்து முடித்ததும் ஒரே சோதனையில் போட்டோம். 168 பிக்சலுக்குச் சுருக்கி, நிறத்தையும் எடுத்துவிட்டுப் பார்ப்பது. கணினியில் ImageMagick இருந்தால் ஒரே வரி:

```
magick thumb.png -resize 168x -colorspace Gray small.png
```

போன் மட்டும்தான் என்றால், படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிச் சேமித்து, கேலரியில் வரிசைக்கு நான்கு படங்கள் வரும்படி வைத்துக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். படம் செய்தவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும், அதனால் அவர் பார்த்துப் பயனில்லை. எழுதியது தெரியாத ஒருவரிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கு என்று கேட்க வேண்டும்.

அவுட்லைன் போட்டதில் பனிப் பக்கம் இருந்த மேல் வரி காணவில்லை. கீழ் வரியில் ‘சேமிப்பது’ என்பதை ஊகித்துத்தான் படிக்க முடிந்தது. பட்டையும் பரணும் இரண்டுமே படிக்க முடிந்தது. எழுத்து மட்டும் என்றால் பட்டை கொஞ்சம் கூடுதல் தெளிவு. ஆனால் பரண் படத்தில் பூண்டு பெரிதாக இருந்தது. பட்டைப் படத்தில் மிச்சமிருந்த பாதியில் கையும் வயலும் பனியும் நெருக்கியடித்துக்கொண்டு எதுவும் பூண்டாகத் தெரியவில்லை. இந்த வீடியோவுக்குப் பரண் என்று முடிவு செய்தோம். கரியின்மேல் மஞ்சள் வேண்டாம், பூண்டு தோலின் வெளிர் நிறத்தோடு போட்டி போடும் என்று நான் நினைத்தேன், தம்பி மஞ்சள்தான் வேண்டுமென்றார். கரியின்மேல் மஞ்சளும் விகிதத்தில் தாராளமாகத் தேறுவதால் அவர் இஷ்டத்துக்கு விட்டேன்.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒரே வீடியோவுக்கு மூன்று தம்ப்நெயில் வரை போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி இருக்கிறது. அது யார் அதிகம் க்ளிக் செய்தார்கள் என்பதை வைத்து முடிவு சொல்வதில்லை. எந்தத் தம்ப்நெயில் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்துச் சொல்கிறது. எழுத்து படிக்க முடிகிறதா என்ற கேள்விக்கு அது நேரடிப் பதில் அல்ல. சின்ன சேனலில் பார்வைகள் குறைவென்றால் தெளிவான முடிவே வராமலும் போகலாம். பரண் படத்தையும் பட்டைப் படத்தையும் அதில் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை, ஆனால் படிக்க முடியாத அவுட்லைன் படத்தை மூன்றாவதாகச் சேர்த்து, வருகிற கொஞ்சப் பார்வைகளையும் பங்கு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தம்பியின் சேனலில் எல்லாமே பூண்டு வீடியோ இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்து மலைப்பாதை அடைபட்டால் அன்றே எடுத்து அன்றே போடுவார். அங்கே நிதானமாக இடம் விட்டுப் படம் எடுக்க நேரம் ஏது? அதற்குப் பட்டைதான். அரக்குப் பட்டை, மஞ்சள் எழுத்து, 700 எடை, இடது பக்கம் என்று ஒரு மாதிரியைச் செய்து போனில் வைத்துக் கொடுத்திருக்கிறேன். படத்தையும் சொல்லையும் மட்டும் மாற்றினால் போதும். அதில் ‘மழை’, ‘மலை’ என்ற இரண்டு சொல்லையும் தனியாகப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். சின்ன அளவில் ஒன்றை மற்றதாகப் படித்துவிடலாம், கொடைக்கானல் சேனலில் இரண்டுக்குமே இடம் உண்டு. ‘ரோடு மூடல்’ என்று போட்டால் குழப்பமில்லை.